மூலையில் மூன்று எழுத்து

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பனி இறங்கிவிடும். பெரியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்தால் எதிர்ச் சரிவில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் தெரியும். அவர் இருபது வயதில் கொழுந்து கிள்ளிய தேயிலைச் சரிவுகள் அதற்குப் பின்னால், மேகத்துக்குள் இருக்கும். போன மாதம் போனபோது தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். புலனத்தில் வந்த காணொளி. மலைக்கு மேல் கண்ணாடித் தொட்டிலில் ஆட்கள் போகிறார்கள், கீழே பச்சைக் காடு. “இது எங்கடா இருக்கு? போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?”

பொய் என்று சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது, என் மேல்தான். “பொய்யின்னா எழுதியிருக்க மாட்டானா?”

யார் எழுத வேண்டும், எங்கே எழுத வேண்டும்? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் போகிறது.

2025 ஜூன் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து ஒரு முதிய தம்பதி மூன்று மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து பேராக் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் கிரிக் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். குவாக் ஹுலு என்ற ஊரில் ‘குவாக் ஸ்கைரைட்’ என்றொரு கேபிள் கார் ஓடுவதாக அவர்கள் பார்த்த காணொளி சொன்னது. ‘டிவி ராக்யாட்’ என்ற அலைவரிசையின் பெண் செய்தியாளர் அதில் ஏறிப் போகிறார், பயணிகளிடம் பேசுகிறார். தங்கிய விடுதியில் வழி கேட்டபோதுதான் அப்படி ஒரு கேபிள் கார் இல்லவே இல்லை என்று தெரிந்தது. அலைவரிசையும் இல்லை, செய்தியாளரும் இல்லை. விடுதிப் பணியாளர் த்ரெட்ஸில் இதை எழுத, செய்தி நாடு தாண்டிப் போனது. செய்தியாளரே பேசினாரே, எதற்குப் பொய் சொல்லப் போகிறார் என்று அந்த அம்மாள் கேட்டாராம். அந்தச் செய்தியாளர் மேல் வழக்குப் போட வேண்டும் என்றும் சொன்னாராம். வழக்குப் போட ஆள் இருந்தால்தானே?

ஊரே அந்தத் தம்பதியைப் பார்த்துச் சிரித்தது. நமக்கு அதில் முக்கியமானது வேறு. அந்தக் காணொளியில் குறி இருந்தது. வலப்பக்கக் கீழ்மூலையில் ‘Veo’ என்ற மூன்று எழுத்து, கூகுளின் காணொளி உருவாக்கும் கருவியின் பெயர். 2025 மே 20 அன்று வியோ 3 வெளிவந்தது. அடுத்த சில நாளில், அதிக விலைச் சந்தாவில் உள்ளவர்கள் அதற்கான தனிக்கருவியில் செய்பவை தவிர மற்ற எல்லாக் காணொளியிலும் இந்த எழுத்து தெரியும் என்று கூகுள் அறிவித்தது. ஆக, சட்டப்படி கேட்டால் ‘எழுதித்தான் இருந்தது’ என்று சொல்லிவிடலாம். ஆனால் ‘வியோ’ என்றால் என்ன என்று யாருக்குத் தெரியும்? பெரியம்மாவுக்கு அது சலவைத்தூள் பெயராகத் தோன்றும். நெடுக்குவாட்டில் ஓடும் குறுங்காணொளிகளில் வலது கீழ்ப்பக்கம்தான் விருப்பம், கருத்து, பகிர்வுப் பொத்தான்கள் வரிசை கட்டி நிற்கும். குறிக்கு அதைவிட மோசமான இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் குறியோடு, தெரியாத குறி ஒன்றும் அதில் இருக்கும். சிந்த்ஐடி என்று பெயர். கூகுள் டீப்மைண்ட் 2023 ஆகஸ்ட்டில் அறிமுகப்படுத்தியது. படப்புள்ளிகளின் நிறத்தில் கண்ணுக்குப் பிடிபடாத அளவுக்கு மாற்றம் செய்து வைப்பார்கள். பணத்தாளில் வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் உருவம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் மட்டும் கூகுள் கையில் இருக்கிறது. கூகுளின் கருவியில் போட்டுப் பார்த்தால் தெரியும். வேறொரு நிறுவனத்தின் தளத்தில் ஏற்றினால், அந்தத் தளம் அதைப் படித்து லேபிள் ஒட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

தளங்கள் வழக்கமாகப் படிப்பது மூன்றாவது வகைக் குறியை. அது படத்தில் இல்லை, கோப்போடு சேர்ந்து வரும் விவரக்குறிப்பில் இருக்கிறது. பார்சலுக்கு மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. சி2பிஏ என்ற கூட்டமைப்பு வகுத்த முறைப்படி, எந்தக் கருவியில் செய்தது, பிறகு என்ன திருத்தினார்கள் என்பதெல்லாம் மின்கையொப்பத்தோடு அதில் பதிவாகும். செய்திப்படத் துறையின் ஐபிடிசி முறையில் ஒரே ஒரு சொல் போதும்: `trainedAlgorithmicMedia`. கோப்பில் இந்தச் சொல் இருந்தால், பதிவேற்றும்போதே தளத்தின் இயந்திரம் கண்டுகொண்டு லேபிள் போடும். டிக்டாக் 2024 மே மாதம் சி2பிஏ சீட்டைப் படிக்கத் தொடங்கியது.

ஒட்டிய சீட்டைக் கிழிக்கலாம் என்பதுதான் இதில் ஓட்டை. கிழிக்க வேண்டும் என்ற கெட்ட எண்ணம்கூட வேண்டியதில்லை. வியோ 3 வந்த புதிதில் ஒரு தடவைக்கு எட்டு விநாடித் துண்டுதான் தரும். ஒரு நிமிடக் காணொளி வேண்டுமென்றால் ஏழெட்டுத் துண்டை வேறொரு செயலியில் ஒட்டி, பாட்டு சேர்த்து, புதுக் கோப்பாக எடுக்க வேண்டும். அதிலேயே சீட்டு பெரும்பாலும் போய்விடும். திரைப்பதிவு எடுத்தால் நிச்சயம் போய்விடும். புலனத்தில் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், அங்கேயும் போய்விடும். பெரியம்மா கைக்கு வந்து சேர்ந்தது, பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலம்.

(எட்டு விநாடிக்கு ஒரு முறை காட்சி மாறுகிறதா என்று எண்ணிப் பார்ப்பது அந்தக் காலத்தில் நல்ல சோதனையாக இருந்தது. ‘அந்தக் காலம்’ என்று நான் சொல்வது 2025. இப்போது அதை நம்பி உட்கார முடியாது.)

சீட்டு கிழிந்தால் லேபிள் வராமல் போவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மைப் படத்துக்கு லேபிள் வந்து விழுகிறது. மெட்டா 2024 மே மாதம் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் ‘Made with AI’ என்று ஒட்ட ஆரம்பித்தபோது முதலில் கத்தியது பொய்ப்படக்காரர்கள் அல்ல, நிழற்படக் கலைஞர்கள். ஒபாமாவின் வெள்ளை மாளிகைப் புகைப்படக்காரராக இருந்த பீட் சூசாவின் படத்துக்கே அது விழுந்தது. நடந்தது எளிது. ஹாபு பக்கத்துத் தேயிலைச் சரிவை விடியலில் ஒருவர் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வானத்தில் ஒரு மின்கம்பி குறுக்கே ஓடுகிறது. போட்டோஷாப்பின் புதுக் கருவியால் கம்பியை அழிக்கிறார். கருவி கோப்பின் விவரக்குறிப்பில் அதை நேர்மையாக எழுதி வைக்கிறது. முகநூல் படித்துவிட்டு, ‘செயற்கை நுண்ணறிவால் செய்தது’ என்கிறது. பனியும் உண்மை, செடியும் உண்மை, நின்று எடுத்த ஆளும் உண்மை. நேர்மையான கருவியைப் பயன்படுத்தியவருக்கு லேபிள், திரைப்பதிவு எடுத்துப் போட்டவருக்கு ஒன்றுமில்லை. 2024 ஜூலையில் மெட்டா வாசகத்தை ‘AI info’ என்று மாற்றியது. செப்டம்பரில், திருத்தம் மட்டும் செய்த படங்களுக்கு லேபிளை மூன்று புள்ளிப் பட்டிக்குள் தள்ளிவிட்டது. அதைத் தட்டித் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

காணொளிக்கு நிலைமை இன்னும் மோசம். 2024 பிப்ரவரியில் இந்தத் திட்டத்தை அறிவித்தபோதே மெட்டா ஒன்றை ஒப்புக்கொண்டது: பிற நிறுவனங்களின் கருவிகளில் செய்த ஒலியையும் காணொளியையும் அடையாளம் காண இன்னும் வழியில்லை, ஆகவே பதிவிடுகிறவரே சொல்ல வேண்டும். யூடியூப்பும் 2024 மார்ச் முதல் அதைத்தான் கேட்கிறது. உண்மை போலத் தெரியும் காட்சியை மாற்றியோ செயற்கையாகவோ செய்திருந்தால் பதிவேற்றும்போது ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். குறித்தால் விவரப் பகுதிக்குள் லேபிள் வரும். உடல்நலம், செய்தி, தேர்தல், பணம் பற்றியது என்றால் காணொளியின் மேலேயே வரும். ஏமாற்ற நினைப்பவன் ‘ஆம்’ குறிப்பானா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. குறிக்காமல் விட்டால் யூடியூப் தானே லேபிள் போடலாம், திரும்பத் திரும்ப மறைத்தால் தண்டிக்கலாம் என்று விதி இருக்கிறது. அதற்கு முதலில் யாராவது கவனிக்க வேண்டும்.

கவனிக்கும் அந்த ‘யாராவது’ எப்படி வேலை செய்கிறார்கள் என்பதற்கு ஈராக்கிலிருந்து ஒரு வழக்கைச் சொல்கிறேன். நம் மலைக்கு அது வெகு தூரம், ஆனால் கதை அப்படியே பொருந்தும். 2024 அக்டோபரில் குர்திஸ்தான் வட்டாரத் தேர்தலுக்குச் சற்று முன், தேர்தலில் மோசடி செய்ய அரசியல் பிரமுகர்கள் பேசிக்கொள்வதாக ஓர் ஒலிப்பதிவு முகநூலில் பரவியது. விவகாரம் மெட்டாவின் மேற்பார்வை வாரியத்துக்குப் போனது. மெட்டா அமைத்த, ஆனால் தனித்து முடிவெடுக்கும் ஒரு குழு அது. 2025இல் வந்த அதன் முடிவில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒரே ஒலி இருந்த எல்லாப் பதிவுக்கும் மெட்டா லேபிள் ஒட்டவில்லை. அசையாப் படங்களை மட்டுமே அதன் இயந்திரத்தால் தானாகக் கண்டு லேபிள் ஒட்ட முடிகிறது, ஒலியையும் காணொளியையும் முடியவில்லை. லேபிள் என்று ஒட்டினால் பயனர் தளத்துக்குத் தேர்ந்தெடுத்த மொழியிலேயே காட்ட வேண்டும்.

மூன்றாவதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் கைப்பேசி நினைவுக்கு வந்தது. பேரன் வாங்கிக் கொடுத்தது, எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவருக்கு ‘AI info’ என்பது பொத்தானா, விளம்பரமா என்று தெரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் ‘இதை எப்படிச் செய்தார்கள்’ என்று சொல்லும் லேபிள். ‘இது உண்மையா’ என்று சொல்லும் குறிப்பு வேறு சங்கதி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்பியை அழித்த தேயிலைப் படம் செயற்கை லேபிளோடு உண்மையாக இருக்கலாம். பத்து வருடத்துக்கு முந்தைய வெள்ளக் காணொளியை ‘இன்று காலை’ என்று போட்டால் அதில் துளி செயற்கையும் இல்லை, முழுப் பொய்.

அந்தக் குறிப்பை எழுதுவது யார்? அமெரிக்காவுக்கு வெளியே முகநூலில் இன்னமும் சரிபார்ப்பு அமைப்புகள்தான் எழுதுகின்றன. பாயின்டர் நிறுவனத்தின் கீழ் 2015இல் தொடங்கிய பன்னாட்டு உண்மை சரிபார்ப்பு வலையமைப்பின் சான்றோ அதற்கு ஈடான சான்றோ அவர்களுக்கு இருக்க வேண்டும். சந்தேகப் பதிவுகளை மெட்டா அவர்கள் முன் வரிசையாகக் காட்டும். எதை எடுப்பது என்பது அவர்கள் விருப்பம். விசாரித்துக் கட்டுரை எழுதி, ‘பொய்’, ‘மாற்றப்பட்டது’, ‘பாதி பொய்’, ‘பின்னணி இல்லை’ என்று ஏதாவது ஒரு தரம் கொடுப்பார்கள். அதன் பிறகு, தரத்துக்கு ஏற்பப் பதிவின் மேல் திரை விழும், பரவலும் குறையும். பதிவிட்டவர் மறுக்க வேண்டுமானால் அந்த அமைப்பிடமே முறையிடலாம். இதில் மெட்டா தீர்ப்பு எழுதுவதில்லை, தண்டனையை மட்டும் நிறைவேற்றுகிறது.

2025 ஜனவரி 7 அன்று மெட்டா அமெரிக்காவில் இதைக் கைவிடுவதாக அறிவித்து, எக்ஸ் தளம் நடத்தும் சமூகக் குறிப்பு முறையைப் பின்பற்றப் போவதாகச் சொன்னது. அந்த முறை கொஞ்சம் விளக்கம் கேட்கும், ஏனென்றால் பலரும் அதை ‘ஓட்டெடுப்பு’ என்று நினைக்கிறார்கள். ஓட்டெடுப்பு இல்லை.

பெர்த்தாம் ஆற்று அணை பற்றி எக்ஸில் ஒரு பொய்ப் பதிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு எழுதும் தகுதி பெற்ற பயனர் ஒருவர் சான்றோடு மறுப்பு எழுதுகிறார். அந்தத் தகுதிக்கு அவர் முதலில் பிறர் குறிப்புகளைச் சரியாக மதிப்பிட்டுப் பெயர் வாங்கியிருக்க வேண்டும். பிறகு மற்றவர்கள் ‘உதவியது’, ‘உதவவில்லை’ என்று மதிப்பிடுகிறார்கள். ஐம்பது பேர் ‘உதவியது’ என்றால் குறிப்பு தெரியுமா? தெரியாமலும் போகலாம். யார் யார் வழக்கமாக எதை ஆதரிக்கிறார்கள் என்று பழைய மதிப்பீடுகளிலிருந்து கணினி கணக்கு வைத்திருக்கிறது. ஐம்பது பேரும் ஒரே பக்கத்துக்காரர்கள் என்றால், ‘இவர்கள் எப்படியும் இதற்குக் கை தூக்குவார்கள்’ என்று அந்த ஆதரவைக் கழித்துவிடும். கழித்த பிறகும் மிஞ்சும் மதிப்பு 0.40ஐத் தாண்ட வேண்டும். எப்போதும் சண்டை போடும் இரண்டு கட்சிக்காரர்களில் பக்கத்துக்குப் பத்துப் பேர் ‘இது சரி’ என்றால் அந்த இருபது, ஐம்பதை வென்றுவிடும். இந்த நிரலை எக்ஸ் பொதுவில் வெளியிட்டிருக்கிறது, யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இத்தனை லேபிள்களில் முடிவெடுக்கும் விதி முழுசாகக் கண்ணுக்குத் தெரிவது இதில்தான் என்பேன். எனக்கு அதில் மதிப்பு உண்டு.

ஆனால் தமிழில், கேமரன் மலை அணை பற்றிய பதிவை மதிப்பிட ‘எப்போதும் சண்டை போடும் இரண்டு பக்கம்’ எங்கே கிடைக்கும்? மொத்தம் நாலு பேர் பார்த்தால் அதிகம். கணக்கு தப்பில்லை, கணக்குக்கு ஆள் இல்லை. சின்ன ஊரின் பொய், குறிப்பு கிடைக்காமலே செத்துப் போகும். அல்லது வேலையை முடித்துவிட்டு ஓயும்.

அணையை எடுத்துக்காட்டாகச் சொன்னது சும்மா இல்லை. 2013 அக்டோபர் 23 பின்னிரவில், கனமழையில் நிரம்பிய சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் ஆறு பொங்கிச் சேறும் தண்ணீருமாக லெம்பா பெர்த்தாமுக்குள் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வண்டிகளும் போயின. அன்றிலிருந்து இரவில் மழை வலுத்தால் இங்கே யாரும் முழுசாகத் தூங்குவதில்லை. அந்த நேரம் பார்த்து அணை உடைவதாக ஒரு காணொளி வந்தால்? அதற்கு இப்போது எட்டு விநாடித் துண்டு ஒன்று போதும்.

அரசு பக்கம் ஒரு கதவு இருக்கிறது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017 மார்ச்சில் sebenarnya.my என்ற தளத்தைத் தொடங்கியது. 2025 ஜனவரியில் ஐஃபா என்ற உரையாடல் கருவியையும் கொண்டுவந்தது. அதில் தமிழிலும் கேட்கலாம். தளத்தில் பெரும்பாலும் சம்பந்தப்பட்ட துறையின் விளக்கம் வெளியாகும். கேபிள் கார் விஷயத்துக்கு இது போதும். அணை விஷயத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அணையை நடத்துகிறவர் சொல்வதே அணை பற்றிய உண்மை என்றால், குற்றம் சாட்டப்பட்டவரே தீர்ப்பெழுதுவது போலாகும். இந்தியாவில் இதே நெருடல் வழக்காகவே போனது. ஒன்றிய அரசு பற்றிய செய்திகளில் எது பொய் என்று ஒன்றிய அரசின் பிரிவே முடிவு செய்யும் விதியை, குணால் காம்ரா தொடுத்த வழக்கில் 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

குவாக் சம்பவத்துக்குப் பிறகு, 2025 ஜூலையில், செயற்கைப் படைப்புகளுக்கு லேபிளைக் கட்டாயமாக்குவது பற்றி அரசு யோசிப்பதாகத் தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் சொன்னார். சீனா அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கட்டாயமாக்கிவிட்டது. சட்டம் வந்தால் தளங்களும் கருவிகளும் கூடுதலாக ஒட்டும். ஒட்டியது எங்கே உதிர்கிறது என்பதைத்தான் நான் மேலே சொன்னேன். உதிரும் கடைசி இடம் புலனம். அங்கே அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் உள்ளே பார்க்க முடியாது. ஆகவே சரிபார்ப்பவரின் குறிப்பும் ஒட்டாது, இருபது பேர் கணக்கும் ஓடாது.

புலனத்துக்கென்று ஒரு குறி உண்டு. இரட்டை அம்பு. ஒரு செய்தி ஐந்து கை மாறி வந்திருந்தால் ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று அது தோன்றும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், கை மாறியதை மட்டும் எண்ணும் குறி. பொய்யனால் கிழிக்க முடியாதபடி ஓரளவு உறுதியானது. புதிதாகச் சேமித்துப் புதிதாக அனுப்பினால் மட்டும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

பெரியம்மாவுக்கு வந்த கேபிள் கார் காணொளிக்கு மேலே இரட்டை அம்பு இருந்தது. பெரியம்மாவிடம் காட்டினேன். “அது தெரியும்டா. ரெண்டு அம்பு இருந்தா முக்கியமானதுன்னு அர்த்தம். அத்தன பேரு அனுப்பிருக்காங்கல்ல.”

நான் கீழ்மூலையைப் பெரிதாக்கிக் காட்ட முயன்றேன். அங்கே எழுத்து எதுவும் இல்லை, யாரோ ஓரத்தை வெட்டியிருந்தார்கள். அணை பற்றி ஏதாவது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் யோசிக்கவே இல்லை. அணைப் பக்கம் ரிங்லெட்டில் அவர் தங்கச்சி இருக்கிறார். “அவளக் கூப்பிட்டு, கதவத் தொறந்து பாருடின்னு சொல்லுவேன்.”